பேசினோம், பேசுகிறோம், பேசுவோம்: விகுதி வழியே பிரெஞ்சு வினை

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ‘பேசினோம்’ என்ற சொல்லைப் பிரிக்கத் தெரியும். பேசு என்பது பகுதி. இன் என்பது இறந்தகால இடைநிலை. ஓம் என்பது தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி. பேசுகிறோம், பேசுவோம் என்று காலத்தை மாற்றினால் நடுவில் இருப்பது மட்டும் மாறுகிறது; பகுதியும் விகுதியும் அப்படியே நிற்கின்றன. பேசுவது யார் என்பதை விகுதி சொல்லிவிடுவதால் ‘நாங்கள்’ என்ற சொல் இல்லாமலே வாக்கியம் நிறைவு பெறுகிறது.

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் தமிழர்களுக்கு முதல் மாதத்திலேயே வினை அட்டவணை வந்து சேர்கிறது. ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் ஆறு வடிவங்கள். அதைப் பார்த்ததும் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை என்று தோன்றும். ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் ஆங்கில வினையில் ஆளைக் காட்டும் உறுப்பு ஏறக்குறைய அழிந்துவிட்டது. ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இந்த அட்டவணையில் புதிய கொள்கை எதுவும் இல்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை. ஒவ்வொன்றிலும் ஒருமை, பன்மை. இந்த ஆறு இடங்களுக்கும் ஏற்ப வினையின் வால் மாறுவது நமக்குப் பேச்சுப் பழகிய நாள் முதல் கைவந்தது.

பேசுதல் என்ற பொருளுள்ள ‘பார்லே’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரும்பாலானவை இதன் போக்கிலேயே போகின்றன. (பிரெஞ்சு ஒலிகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ழான் என்று பிரெஞ்சுப் பெயரை எழுதும் வழக்கப்படி, நான் என்று பொருள்படும் சொல்லை ‘ழெ’ என்று எழுதுகிறேன். எ என்பது வாயைச் சற்றுத் திறந்து சொல்லும் ஒலி, ஏ என்பது ஒடுக்கிச் சொல்லும் ஒலி.) இதன் பகுதி ‘பார்ல்’. ‘நூ’ என்றால் நாம், நாங்கள் இரண்டும். நாங்கள் பேசுகிறோம் என்பதற்கு ‘நூ பார்லோன்’ என்கிறார்கள். எழுத்தில் ஓ, என், எஸ் என்று மூன்று எழுத்து இருந்தாலும், கடைசியில் கேட்பது மூக்கொலி கலந்த ஓ மட்டுமே. னகரம் முழுதாக ஒலிப்பதில்லை.

இந்த ஒலியைத் தனியாகப் பயில வேண்டியதில்லை. பேச்சுத் தமிழில் ‘வந்தோம்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடி மகரத்தை முடிப்பதில்லை. ஓகாரம் மூக்கு வழியாகக் கரைந்து நின்றுவிடுகிறது. நம் ஓம் விகுதியின் பேச்சு வடிவமும் பிரெஞ்சின் தன்மைப் பன்மை விகுதியும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இது தற்செயல். இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது. பிரெஞ்சு விகுதி லத்தீனிலிருந்து வந்தது. தற்செயலாகவே இருந்தாலும் நினைவில் வைக்க இதைவிட நல்ல பிடி கிடைக்காது. ‘ஓம்’ வந்தால் ‘நூ’.

இப்போது காலத்தை மாற்றிப் பார்ப்போம். முன்பு தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் ‘நூ பார்லியோன்’. எதிர்காலத்தில் ‘நூ பார்லெரோன்’. வால் அதே ஓன். நடுவில் வந்த இகரம் இறந்தகாலத்தைக் காட்டுகிறது; ரகரம் எதிர்காலத்தைக் காட்டுகிறது. நாம் பேசு + இன் + ஓம், பேசு + வ் + ஓம் என்று பிரித்ததைப் போலவே பார்ல் + இ + ஓன், பார்லெ + ர் + ஓன் என்று பிரிக்கலாம். நீங்கள் என்பதற்கு ‘வூ’. அதன் விகுதி ஏ. வூ பார்லே, வூ பார்லியே, வூ பார்லெரே. இங்கும் நடு உறுப்பு மட்டும்தான் மாறுகிறது.

இன்னொரு வடிவமும் உண்டு. ‘பணம் இருந்தால் வாங்குவோம்’ என்று, இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து சொல்கிறோம் அல்லவா? அதற்குப் பிரெஞ்சு எதிர்கால இடைநிலையையும் இறந்தகால இடைநிலையையும் அடுத்தடுத்து வைக்கிறது: ‘நூ பார்லெரியோன்’. பார்லெ + ர் + இ + ஓன். அட்டவணையில் புதிய பத்தியாக அச்சிடப்படும் இதில் புதிய உறுப்பு எதுவுமே இல்லை. நான்கு பத்திகளை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக இரண்டு இடைநிலைகளையும் விகுதிகளையும் தெரிந்துகொண்டால் போதும்.

எதிர்கால வடிவம் பிறந்த கதை தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. பிற்கால லத்தீனில் ‘பேச’ என்பது போன்ற எச்சத்தோடு, உடைமையைக் குறிக்கும் வினையைச் சேர்த்து எதிர்காலத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. நாம் ‘பேசவிருக்கிறேன்’ என்கிறோமே, அதே கட்டுமானம், அதே வரிசை. எனவே பிரெஞ்சு எதிர்கால விகுதிகள் அந்த உடைமை வினையின் நிகழ்கால வடிவங்களே. ‘ழே’ என்றால் என்னிடம் இருக்கிறது. ‘ழெ பார்லெரே’ என்றால் பேசுவேன். ‘இல் ஆ’ என்றால் அவனிடம் இருக்கிறது. ‘இல் பார்லெரா’ என்றால் பேசுவான். அந்த ஒரு வினையின் நிகழ்காலம் தெரிந்தவருக்கு எல்லா வினைகளின் எதிர்கால விகுதிகளும் தெரியும்.

இதுவரை தமிழ் நம்மைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. இனிமேல் வேறு மாதிரி. தமிழில் விகுதி எப்போதும் காதில் விழும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் என்ற நான்கையும் கண்ணை மூடிக் கேட்டாலும் பிரித்தறியலாம். பிரெஞ்சில் அந்த நான்கும் காதுக்கு ஒன்றே: ழெ பார்ல், த்யூ பார்ல், இல் பார்ல், பன்மையிலும் இல் பார்ல். எழுத்தில் மட்டும் வேறுபாடு இருக்கிறது. நான் என்பதற்கும் அவன் என்பதற்கும் வினையின் கடைசியில் ‘இ’ என்ற ரோமன் எழுத்து. நீ என்பதற்கு அதோடு ‘எஸ்’. அவர்கள் என்பதற்கு ‘இ, என், டி’ என்று மூன்று எழுத்துகள். இவற்றில் ஒன்றுகூட ஒலிப்பதில்லை. ஒரு காலத்தில் இவை உயிருள்ள விகுதிகளாக இருந்தன. நூற்றாண்டுகளில் ஒலி தேய்ந்து போயிற்று. எழுத்து மட்டும் நின்றுவிட்டது.

விகுதி தேய்ந்தபின் ஆளைக் காட்டும் வேலையை எது செய்யும்? முன்னால் நிற்கும் ழெ, த்யூ, இல் ஆகிய சிறு சொற்கள்தான். அதனால்தான் பிரெஞ்சில் அவற்றை விடவே கூடாது. தமிழர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. ‘பேசுகிறேன்’ என்பது நமக்கு முழு வாக்கியம் என்பதால், பிரெஞ்சிலும் ‘பார்ல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடத் தோன்றும். கேட்பவருக்கு அது ‘பேசு!’ என்ற ஏவலாகவே விழும். பிரெஞ்சில் அந்தச் சிறு சொல் இல்லாமல் வினை தனியே நின்றால் அது கட்டளை. ‘பார்லோன்’ என்றால் பேசலாம் வாருங்கள். ‘பார்லே’ என்றால் பேசுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டவர் பதில் சொல்லாமல் உங்கள் சொற்படி ஏதாவது செய்ய முற்பட்டால், முன்னால் நிற்க வேண்டிய சொல் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இந்த நிலை தமிழுக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. ‘வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் வராதது நானா, நீயா, அவர்களா? தெரியாது. எதிர்மறையில் அந்தச் சொல்லுக்கு இட விகுதி கிடையாது. நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர்கள் வரவில்லை என்று முன்னால் ஆளைச் சொல்லியே தீர வேண்டும். இல்லையென்றால் சூழல் தெளிவாக இருக்க வேண்டும். பிரெஞ்சின் நிகழ்கால ஒருமை வடிவங்களை வந்தேன், வந்தாய் என்பவற்றோடு ஒப்பிடுவதைவிட ‘வரவில்லை’யோடு ஒப்பிடுவதே சரி. ‘நூ’, ‘வூ’ வடிவங்கள் மட்டும் வந்தோம், வந்தீர்கள் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் விகுதி இன்னும் ஒலிக்கிறது. ஆனாலும் அங்கேயும் நூ, வூ என்பவற்றை விட முடியாது. வழக்கம் எல்லா இடங்களுக்கும் ஒன்றாகப் பரவிவிட்டது.

எதிர்காலத்தில் ஆறு எழுத்து வடிவங்கள் மூன்றே ஒலிகளாகச் சுருங்குகின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பேசுவேன் என்பதும் நீங்கள் பேசுவீர்கள் என்பதும் பொதுவாக ‘பார்லெரே’ என்றே காதில் விழும். நீ, அவன் இரண்டுக்கும் ‘பார்லெரா’. நாங்கள், அவர்கள் இரண்டுக்கும் ‘பார்லெரோன்’. எனவே ஓன் என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ‘நாங்கள்’ என்று முடிவுசெய்துவிடக் கூடாது. முன்னால் நூ இருக்கிறதா, இல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருக்கிறார்கள், போகிறார்கள், செய்கிறார்கள், அவர்களிடம் இருக்கிறது என்ற பொருளுள்ள நான்கு அன்றாட வினைகள் நிகழ்காலத்திலேயே படர்க்கைப் பன்மையில் இந்த ஓன் ஒலியோடு முடிகின்றன: ஸோன், வோன், ஃபோன், ஓன்.

படர்க்கையில் ஒருமையா பன்மையா என்று காதால் அறிய இரண்டு வழிகள் உண்டு. உயிரொலியில் தொடங்கும் வினை என்றால், பன்மை ‘இல்’லின் கடைசியில் உறங்கிக்கிடக்கும் எஸ் எழுத்து விழித்துக்கொண்டு அதிரும் ஸகரமாக ஒலிக்கும். ‘இலெம்’ என்றால் அவன் விரும்புகிறான். ‘இல்ஸெம்’ என்றால் அவர்கள் விரும்புகிறார்கள். பன்மைக் குறி வினையின் வாலிலிருந்து தலைப்பக்கம் போய்விட்டது. இரண்டாவது வழி, பார்லே வகையைச் சேராத பல வினைகளில் கிடைக்கிறது. ‘இல் ஃபினி’ என்றால் முடிக்கிறான், ‘இல் ஃபினிஸ்’ என்றால் முடிக்கிறார்கள். பன்மையில் கடைசி மெய் கேட்கும், ஒருமையில் கேட்காது. விகுதி ஒலிக்காவிட்டாலும், அது தனக்கு முன்னிருந்த மெய்யைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அப்படிக் காப்பாற்றப்பட்ட மெய் இன்னொரு வேலைக்கும் பயன்படுகிறது. ‘நூ ஃபினிஸோன்’ என்பதிலிருந்து ஓன் விகுதியைக் கழற்றுங்கள். கிடைக்கும் ‘ஃபினிஸ்’ தான் தொடர் இறந்தகாலத்துக்குரிய பகுதி. அதோடு எ ஒலி சேர்ந்தால் ‘இல் ஃபினிஸெ’. இந்த விதிக்கு ஒரே விலக்கு ‘இரு’ என்ற பொருளுள்ள ‘எத்ர்’ வினை. அதனால் புதிய வினை எதையும் கற்கும்போது நான் வடிவத்தோடு நூ வடிவத்தையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வா என்ற பகுதி தமிழில் வருகிறேன், வந்தேன் என்று உருமாறுவதைப் போல, அதே பொருளுள்ள பிரெஞ்சு வினையும் ‘ழெ வியேன்’, ‘நூ வெனோன்’ என்று உருமாறும். பகுதி மாறினாலும் விகுதி மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி ஒரு சிறு பத்தியை எடுத்துப் பார்ப்போம். காரைக்காலில் வளர்ந்த ஒருவர் இப்படிச் சொல்கிறார்: ‘சின்ன வயதில் காரைக்காலில் இருந்தோம். சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம். ஒருநாள் மாமா வந்தார். அவர் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் புரியவில்லை.’ ஐந்து வினைகள், ஐந்தும் தமிழருக்கு எளியவை. பிரெஞ்சுக்குக் கொண்டுபோகும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்வி கேட்கும்.

‘இருந்தோம்’ என்பதில் சிக்கல் இல்லை. குடியிருந்தோம் என்ற பொருளில் ‘நூ ஸபித்தியோன்’. இகரம், ஓன், இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. ‘போவோம்’ என்பதில்தான் பொறி. வடிவத்தைப் பார்த்தால் எதிர்காலம்: போ + வ் + ஓம். ஆனால் பொருள் இறந்தகால வழக்கம். அந்த நாளில் தினமும் போவோம் என்கிறார். தமிழில் எதிர்கால இடைநிலைக்கு இந்தப் பழைய வழக்கத்தைச் சொல்லும் வேலையும் உண்டு. பிரெஞ்சில் ரகர இடைநிலைக்கு அந்த வேலை கிடையாது. இங்கே ‘நூ ஸாலியோன்’ என்று இகரமே வர வேண்டும். ரகரத்தைப் போட்டால் இனிமேல் போகப்போகிறோம் என்று ஆகிவிடும். உறுப்புக்கு உறுப்பு பொருத்துவது விகுதிக்குச் சரி. இடைநிலைக்கு எப்போதும் சரிவராது. ‘அப்போதெல்லாம்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் பிரெஞ்சில் இகர வடிவம்.

‘வந்தார்’ என்பது ஒருமுறை நடந்து முடிந்தது. இன்றைய பேச்சுப் பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொல் வேண்டும்: ‘இல் எ வெனு’. எத்ர் வினை ஆளைக் காட்டும். வெனு என்பது வந்த செயலைக் காட்டும். நம் ‘வந்திருக்கிறார்’ இதே ஏற்பாடுதான். வந்து என்பதில் ஆள் இல்லை, இருக்கிறார் என்பதில் ஆள் இருக்கிறது. வரிசை மட்டும் தலைகீழ்: நமக்குத் துணைவினை பின்னால், அவர்களுக்கு முன்னால். பெரும்பாலான வினைகள் எத்ர் என்பதற்குப் பதிலாக, முன்பு பார்த்த உடைமை வினையைத் துணையாகக் கொள்ளும். பேசினோம் என்பது ‘நூ ஸவோன் பார்லே’.

‘வந்தார்’ என்பதில் உள்ள மரியாதை பிரெஞ்சில் போய்விடுகிறது. முன்னிலையில் மட்டும் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன. ஒருவரையே மதிப்போடு அழைக்கும்போது நாம் பன்மை நீங்களையும் ஈர்கள் விகுதியையும் பயன்படுத்துகிறோம்; அவர்கள் வூவையும் ஏ விகுதியையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் படர்க்கையில் அவனும் அவரும் ‘இல்’தான். அதோடு, அவர் என்று சொல்லி ஆணா பெண்ணா என்பதைத் தமிழில் சொல்லாமல் விடலாம். பிரெஞ்சில் இல் அல்லது எல் என்று தேர்ந்தே ஆக வேண்டும். வினை விகுதியோ பாலைக் காட்டாது. வந்தான், வந்தாள் என்று நாம் வாலில் வைப்பதை அவர்கள் முன்னால் நிற்கும் சொல்லில் வைக்கிறார்கள். எத்ர் துணையாக வரும்போது மட்டும் பின்னால் வரும் வடிவமும் பாலுக்கேற்ப எழுத்தில் மாறும். அத்தை வந்தார் என்றால் ‘எல் எ வெனு’ என்பதன் கடைசியில் ஒலிக்காத ஓர் இ சேரும்.

‘பேசிக்கொண்டிருந்தார்’ என்பது ‘இல் பார்லெ’. நூ, வூ தவிர்த்த நான்கு இடங்களிலும் இகர இடைநிலை இந்தத் திறந்த எ ஒலியாகக் கேட்கிறது. தமிழில் இறந்தகாலத்தில் கொண்டிரு என்று நீட்டிச் சொல்லும் இடமெல்லாம் இந்த வடிவத்துக்குரியது என்று பெரும்பாலும் நம்பலாம்.

கடைசி வினையான ‘எங்களுக்குப் புரியவில்லை’ மிக முக்கியமானது. இதில் ஓம் இல்லை. நான்காம் வேற்றுமை வந்து, வினை விகுதியில்லாமல் நிற்கிறது. தெரியும், பிடிக்கும், பசிக்கிறது, வேண்டும் எல்லாம் இதே இனம். பிரெஞ்சில் புரிந்துகொள்பவர் எழுவாய். எனவே எங்களுக்கு என்பதை நூ ஆக்கி, வினைக்கு விகுதி கொடுக்க வேண்டும்: ‘நூ ந கோம்ப்ரெனியோன் பா’. ‘ந’, ‘பா’ என்ற இரண்டும் இல்லை என்பதைச் சொல்கின்றன. எதிர்மறை ஆனாலும் விகுதி விழுவதில்லை. அதே நேரம் வேண்டும் என்பதற்குப் பிரெஞ்சிலும் நம்மைப் போன்ற ஓர் அமைப்பு உண்டு. ‘இல் ம ஃபோ’ என்றால் எனக்கு வேண்டும். அங்கே ‘ம’ என்பது எனக்கு. வினை எப்போதும் படர்க்கை ஒருமையிலேயே நிற்கும், எவருக்கு வேண்டுமானாலும் மாறாது. பிடிக்கிறது என்பதற்கு ‘ஸா ம ப்ளெ’ என்பதும் இப்படியே.

பாரிசில் லா ஷப்பேல் பக்கம் போகும் தமிழர் காதில் பாடப் புத்தகத்து ‘நூ’ அதிகம் விழாது. அன்றாடப் பேச்சில் நாங்கள் என்பதற்கு ‘ஓன்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அது பொருளில் தன்மைப் பன்மை. ஆனால் வினை படர்க்கை ஒருமை விகுதியை ஏற்கிறது: ‘ஓன் பார்ல்’. பொருளில் ஓம் இருப்பதால் ‘ஓன் பார்லோன்’ என்று சொல்லத் தமிழ் நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. வினைக்கு வால் கொடுப்பது முன்னால் நிற்கும் சொல்லின் இலக்கணம், மனத்தில் இருக்கும் பொருள் அல்ல.

நூ, வூ விகுதிகளுக்கு விலக்குகள் சில உண்டு. இருக்கிறோம் என்பது ‘நூ ஸொம்’. இருக்கிறீர்கள், செய்கிறீர்கள், சொல்கிறீர்கள் என்பவை வூ எத், வூ ஃபெத், வூ தித் என்று தகரத்தில் முடிகின்றன. கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் பெரும்பாலும் வரும் எழுத்து வழக்கு இறந்தகாலம் ஒன்றுக்குத் தனி விகுதிகள் உண்டு. பேச்சில் அது வராது என்பதால் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டியதில்லை. இரு, செய், சொல் என்ற பொருளுள்ள அந்த மூன்று வினைகளையும் அவற்றிலிருந்து பிறந்த சிலவற்றையும் தனியாக எழுதி வைத்துக்கொண்டால், நிகழ்காலத்தில் மற்ற வினைகளுக்கெல்லாம் நூ என்றால் ஓன், வூ என்றால் ஏ.